அக்காவுக்கு விடியட்டும்... அப்புறம் மெசேஜ் போகட்டும்!

சென்னையில் எங்கள் டிஜிட்டல் டெஸ்க் சுறுசுறுப்பாக இருப்பது காலை 10 மணி முதல் இரவு 7 மணி வரை. அந்த ஒன்பது மணி நேரத்தை டொராண்டோ கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள். கோடைக்காலத்தில் அது நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கி காலை 9.30-க்கு முடிகிறது. குளிர்காலத்தில் இரவு 11.30 முதல் காலை 8.30 வரை. அதாவது, நான் டீ குடித்துவிட்டு உற்சாகமாக வேலை பார்க்கும் நேரம் முழுவதும் அங்கே ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீடியோக்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதித் தருபவர் டொராண்டோவில் இருக்கிறார். சொந்த ஊர் கும்பகோணம். வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை எங்களுக்காகப் பகுதி நேரமாக வேலை பார்ப்பார். டெஸ்க்கில் எல்லோருக்கும் அவர் 'அக்கா'தான். நாங்கள் பேசிக்கொள்வது ஸ்லாக்கில். வாட்ஸ்அப் மாதிரிதான், ஆனால் அலுவலக வேலைக்கானது. வாட்ஸ்அப்பில் குடும்பப் படமும் குட் மார்னிங்கும் வரும். ஸ்லாக்கில் வேலை மட்டும்தான் வரும். (வர வேண்டும்!)

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அக்கா வீடியோ காலில் ஒரு விஷயம் சொன்னார்.

"தம்பி, ஒரே ஒரு உதவி. எங்க ராத்திரியில எனக்கு மெசேஜ் போடாத. அம்மா கும்பகோணத்துல தனியா இருக்காங்க. 78 வயசு, இதயத்துல ஸ்டென்ட் வெச்சிருக்கு. அதனால நான் போனை சைலன்ட்ல போடுறதே இல்ல, தலைமாட்டுலயே வெச்சுப் படுப்பேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அது சத்தம் போட்டா, எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் வரும். எழுந்து பார்த்தா, '4-வது நிமிஷத்துல ஒரு கமா விட்டுப்போச்சு'ன்னு இருக்கும். கமாவைப் பார்த்த பிறகும் நெஞ்சு படபடப்பு அடங்க அரை மணி நேரம் ஆகும்."

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த வாக்கியத்துக்கு விளக்கம் தேவைப்படாது. ஸ்லாக்கின் வழக்கமான அறிவிப்பு ஒலியும் கதவைத் தட்டுவது மாதிரியே இருக்கும். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் யாருக்குத்தான் நல்ல செய்தி என்று தோன்றும்?

"ஸ்லாக்கை மட்டும் ராத்திரியில் ஊமையாக்க முடியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். முடியும். ஸ்லாக்கில் அறிவிப்புகளுக்கு நேர அட்டவணை வைக்கலாம். இரவு 9 முதல் காலை 8 வரை ஒலி வேண்டாம் என்று அக்காவும் வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் தூங்குவதற்கு அடையாளமாக ஒரு குட்டி 'z' தெரியும். ஆனால், ஒலி வராது என்பதற்காக மெசேஜ் வராமல் இருக்காது, வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மா மாத்திரை போட்டாரா என்று பார்க்க விடியற்காலை 4 மணிக்கு அக்கா போனை எடுப்பார். கை பழக்கத்தில் ஸ்லாக்கையும் திறக்கும். "பார்த்துட்டா முடிஞ்சுது தம்பி. அப்புறம் தூக்கம் எங்க?" என்பார். இன்னொன்று, இரவு முழுக்க வந்து குவிந்த பதினைந்து மெசேஜ்களில் எது முதலில் கவனிக்க வேண்டியது என்று காலையில் தேடுவதே தனி வேலை.

ஆக, கதவைச் சாத்தும் பொறுப்பு மொத்தத்தையும் தூங்குகிறவர் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தட்டுகிறவர் விடிந்த பிறகு தட்டலாமே! ஒன்டாரியோ மாகாணத்தில் 2022 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு ஊழியர்கள் வேலையிலிருந்து விலகியிருப்பது பற்றி எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சென்னையில் இருக்கும் ஓர் இதழுக்குப் பகுதி நேரமாக சப்டைட்டில் எழுதும் அக்காவை அந்தக் கொள்கை எங்கே வந்து காப்பாற்றப் போகிறது? அதை நாங்கள்தான் செய்ய வேண்டும்.

செய்வது சுலபம். ஸ்லாக்கில் மெசேஜை எழுதிய பிறகு, கம்ப்யூட்டரில் என்றால் அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்த வேண்டும். மொபைலில் என்றால் அனுப்பும் பொத்தானை, அந்தக் காகித ராக்கெட் படத்தை, விரலை எடுக்காமல் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். எப்போது அனுப்பலாம் என்று ஒரு பட்டியல் வரும். அதில் "Custom time" என்பதைத் தொட்டு, தேதியும் நேரமும் கொடுத்தால் முடிந்தது. மெசேஜ் ஸ்லாக்கின் சர்வரில் காத்திருக்கும். அந்த நேரத்தில் என் போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும், நான் மின்சார ரயிலில் சிக்னல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாலும் அது போய்விடும். 120 நாள்கள் வரை முன்கூட்டியே இப்படி வைக்கலாம்.

இவ்வளவுதான் என்றால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை. சிக்கல் அந்தப் பட்டியலில் இருந்தே தொடங்குகிறது. "Tomorrow at 9:00 AM" என்று அது முதலில் ஆசை காட்டும். காலை 9 மணி, எவ்வளவு நாகரிகமான நேரம்! ஆனால் அது யாருடைய 9 மணி? பட்டியலில் 'அவருடைய நேரம்' என்று வெளிப்படையாகப் போட்டிருந்தாலொழிய, அது அனுப்புகிறவரின் கடிகாரம். சென்னையில் காலை 9 மணி என்பது கோடைக்கால டொராண்டோவில் முந்தைய நாள் இரவு 11.30. வெள்ளிக்கிழமைகளில் வரும் "Monday at 9:00 AM" இன்னும் மோசம். அக்காவுக்கு அது ஞாயிறு ராத்திரி. நல்ல மனதோடு அழுத்துகிற அந்த ஒரு பொத்தான், மிகச் சரியாகக் கண் அயரும் நேரத்தில் போய்த் தட்டும்.

நான் ஸ்லாக்கிடம் 'அக்காவின் காலையில் அனுப்பு' என்று சொல்வதாக நினைத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்லாக் எடுத்துக்கொள்வது என் கடிகாரத்தின் ஒரு கணத்தைத்தான். அந்தக் கணத்தில் அக்காவுக்குக் காலையா, அவர் எங்கே இருக்கிறார், விழித்திருக்கிறாரா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால், அடுத்து நான் சொல்லப் போகும் எல்லாமே எளிதாகப் புரிந்துவிடும்.

2025 அக்டோபர் 30, வியாழக்கிழமை. திருபுவனம் பட்டு நெசவாளர் ஒருவரின் பேட்டி வீடியோ தயாராக இருந்தது. அடுத்த செவ்வாய், நவம்பர் 4, மாலை 6 மணிக்கு வெளியாக வேண்டும். சப்டைட்டிலில் ஒரு சந்தேகம். நெசவாளர் 4 நிமிடம் 12-வது விநாடியில் 'பாவு' என்கிறார், சற்றுத் தள்ளி 'ஊடை' என்கிறார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் இழை. ஊடை, நாடா குறுக்கே கொண்டுபோகும் இழை. சப்டைட்டிலில் இரண்டு இடத்திலும் 'நூல்' என்ற பொருளில் ஒரே ஆங்கிலச் சொல் இருந்தது. அவர் இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் அந்தப் பேச்சின் உயிரே. இதை அக்காதான் பார்க்க வேண்டும்.

அப்போது சென்னையில் மதியம் 12.40. டொராண்டோவில் விடியற்காலை 3.10. வெள்ளி முதல் ஞாயிறு வரை அக்காவுக்கு ஓய்வு நாள்கள். எனவே நவம்பர் 3, திங்கள், அவருடைய காலை 9.20-க்குப் போகட்டும் என்று முடிவு செய்தேன். (சரியாக 9 மணிக்கு வைப்பதில்லை. ஊரில் எல்லோருக்கும் தோன்றும் நேரம் அது. மற்ற மெசேஜ்கள், மீட்டிங் நினைவூட்டல் எல்லாம் கூட்டமாக வந்து இறங்கும். காபி குடித்து உட்காரட்டுமே.)

இப்போது கணக்கு. அன்றைய நிலவரப்படி சென்னை, டொராண்டோவைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருந்தது. டொராண்டோ காலை 9.20 என்றால் சென்னையில் மாலை 6.50. அதையே வைத்துவிட்டால்? நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு. அமெரிக்காவின் பெரும் பகுதியிலும் டொராண்டோவிலும் அன்று அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தைப் பின்னோக்கி 1 மணிக்குத் திருப்பிவிடுவார்கள். கோடைக்காலத்தில் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததை, குளிர்காலம் தொடங்கும்போது பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நம் ஊரில் இந்த வழக்கம் இல்லை என்பதால் நமக்கு மறந்தே போகும். 2025-ல் அந்த ஞாயிறு நவம்பர் 2. எனவே திங்கள் அன்று வித்தியாசம் பத்தரை மணி நேரம். மாலை 6.50-க்கு வைத்திருந்தால் மெசேஜ் அக்காவின் காலை 8.20-க்கே போயிருக்கும். பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. சரியான நேரம் சென்னை இரவு 7.50.

கைப்பேசியில் இருக்கும் உலகக் கடிகாரம் இந்த இடத்தில் உதவாது. அது இன்றைய வித்தியாசத்தைத்தான் காட்டும். அடுத்த வாரத்தின் வித்தியாசத்தை அல்ல. நான் நம்புவது கூகுள் காலண்டரை. அதில் ஒரு புது நிகழ்வு போட்டு, நேர மண்டலம் என்ற இடத்தில் டொராண்டோவைத் தேர்ந்தெடுத்து, நவம்பர் 3, காலை 9.20 என்று கொடுப்பேன். சேமித்தவுடன் என் காலண்டரில் அது இரவு 7.50 என்று வந்து உட்காரும். அந்த எண்ணை அப்படியே ஸ்லாக்கில் போட்டுவிட்டு, காலண்டரில் போட்ட நிகழ்வை அழித்துவிடுவேன். ஒரு நிமிட வேலை. கூட்டிக் கழித்து தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

வசந்த காலத்தில் இதற்கு நேர் எதிர். மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். 2026-ல் அது மார்ச் 8. பழைய கணக்கில் இரவு 7.50-க்கு வைத்த மெசேஜ் அதன் பிறகு அக்காவின் 10.20-க்குத்தான் சேரும். தாமதம்தான், தொந்தரவில்லை. அதனால் நான் அதிகம் பயப்படுவது நவம்பருக்குத்தான். அப்போது தவறு நடந்தால் அது தூக்கத்தின் பக்கம் சாயும். லண்டனில் இருப்பவர்களோடு வேலை பார்க்கிறீர்கள் என்றால் நாள்கள் வேறு: அங்கே மார்ச்சின் கடைசி ஞாயிறும் அக்டோபரின் கடைசி ஞாயிறும். சிங்கப்பூர், துபாய் நண்பர்கள் கொடுத்து வைத்தவர்கள், அங்கே கடிகாரம் அசைவதே இல்லை.

நேரம் சரி. இனி மெசேஜில் என்ன எழுதுவது? இது நேரக் கணக்கைவிட நுட்பமானது என்று நினைக்கிறேன். முதலில் மனதில் வந்த வாசகம் இப்படி இருந்தது:

"அக்கா, பாவு, ஊடை ரெண்டுக்கும் ஒரே சொல் வந்திருக்கு. இப்பதான் பார்த்தேன். நாளைக்கு சாயங்காலம் 6 மணிக்கு வீடியோ போகுது, அதுக்குள்ள மாத்திடுங்க."

இதில் 'இப்பதான்' என்பது வியாழக்கிழமை மதியம். ஆனால் அக்காவின் திரையில் மெசேஜுக்கு மேலே திங்கள் காலை 9.20 என்றுதான் இருக்கும். முன்கூட்டியே எழுதி வைத்தது என்ற அடையாளம் எதுவும் அவருக்குத் தெரியாது. நான் அந்த நொடியில் ஆன்லைனில் உட்கார்ந்து தட்டச்சு செய்ததாகவே நினைப்பார். 'நாளைக்கு' என்ற சொல் திங்கள் அன்று படிக்கும்போது செவ்வாயைக் குறிக்கட்டும் என்றுதான் போட்டேன். ஆனால் 'சாயங்காலம் 6 மணி' எந்த ஊர் சாயங்காலம்? டொராண்டோவில் செவ்வாய் மாலை 6 மணி ஆகும்போது சென்னையில் புதன் விடியற்காலை 4.30. வீடியோ வெளியாகி பத்தரை மணி நேரம் கடந்திருக்கும். உண்மையில் நம் செவ்வாய் மாலை 6 என்பது அவருக்குச் செவ்வாய் காலை 7.30. அதாவது செவ்வாய்க்கிழமை வேலையைத் தொடங்கும் முன்பே கெடு முடிந்துவிடும். அவர் கையில் இருப்பது திங்கள் ஒரு நாள்தான். இது தெரியாமல் 'செவ்வாய் மதியம் பார்த்துக்கலாம்' என்று அவர் விட்டிருந்தால், பாவும் ஊடையும் ஒன்றாகவே வெளியே போயிருக்கும்.

மாற்றி எழுதி வைத்தது இது:

"அக்கா, இது வியாழக்கிழமை எழுதி வெச்சது. திருபுவனம் வீடியோ, 4:12: பாவு, ஊடை ரெண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல் இருக்கு, பிரிக்கணும். உங்க திங்கட்கிழமை ராத்திரி படுக்குறதுக்குள்ள ஃபைல் கிடைச்சா போதும். நான் எங்க செவ்வாய் காலை 10 மணிக்குத்தான் பார்ப்பேன், உடனே பதில் போடணும்னு இல்ல."

கடைசி வாக்கியம் மரியாதைக்காகச் சேர்த்தது இல்லை. அக்கா 9.20-க்குப் படித்துவிட்டு 9.22-க்கு 'எந்த வார்த்தை போடலாம், நீ என்ன நினைக்கிற?' என்று கேட்டால், நான் அப்போது ரயிலில் தொங்கிக்கொண்டிருப்பேன். பதில் வராமல் அவர் காத்திருப்பார். ஒருவரின் தூக்கத்தைக் காப்பாற்றி அவரின் காலைப் பொழுதைக் காத்திருப்பில் கழிக்கவைப்பது என்ன நியாயம்? கேள்வியை அவர் மட்டுமே முடித்துவிடக்கூடிய மாதிரி எழுதுவது இங்கே முக்கியம். இரண்டு பேரும் விழித்திருக்கும் நேரம் மிகக் குறைவு; ஒரு கேள்விக்கு எதிர்க்கேள்வி வந்தால் ஒரு முழு நாள் போய்விடும்.

அந்த மெசேஜ் வியாழன் முதல் திங்கள் வரை நான்கு நாள் காத்திருந்தது. உலகம் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை நெசவாளர் போன் செய்தார். வீடியோவின் தொடக்கத்தில், வாங்கிய கடனைப் பற்றிப் பேசும் ஒரு பகுதி வேண்டாம், வீட்டில் சங்கடமாக இருக்கும் என்றார். நியாயமான கோரிக்கை. எடிட்டர் அந்த 22 விநாடிகளை வெட்டினார். வெட்டியவுடன் பின்னால் இருந்த எல்லா நேரக் குறிப்புகளும் 22 விநாடி முன்னால் நகர்ந்தன. பாவு வரும் இடம் 4:12-லிருந்து 3:50 ஆகிவிட்டது. ஆனால் ஸ்லாக் சர்வரில் தூங்கிக்கொண்டிருக்கும் என் மெசேஜுக்கு அது தெரியாதே!

ஸ்லாக்கில் இடப்பக்கம் "Drafts & sent" என்று ஒரு பகுதி இருக்கும். அதற்குள் "Scheduled" என்பதைத் தொட்டால், கிளம்பக் காத்திருக்கும் மெசேஜ்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். திருத்தலாம், நேரத்தை மாற்றலாம், ரத்து செய்யலாம். எண்ணை 3:50 என்று மாற்றி, புதிய வீடியோவின் இணைப்பையும் சேர்த்தேன். அன்றிலிருந்து டெஸ்க்கில் எனக்கு ஒரு வழக்கம்: மாலை கிளம்பும் முன் பையில் டிபன் பாக்ஸை வைப்பது போல, அந்தப் பகுதியையும் ஒருமுறை திறந்து பார்ப்பேன். அனுப்பிய மெசேஜ் நம் கண்முன் இருக்கும். காத்திருக்கும் மெசேஜ் கண்ணில் படாது, அதனாலேயே மறந்துபோகும். எங்கள் டெஸ்க்கில் ஒரு வீடியோ கைவிடப்பட்ட பிறகும், அதற்கான வேலையைக் கேட்டு ஒரு மெசேஜ் சமர்த்தாகக் கிளம்பிப் போனதுண்டு.

திங்கள் இரவு அக்காவின் ஃபைல் வந்துவிட்டது. நான் பார்த்தது செவ்வாய் காலை 10 மணிக்கு. பாவும் ஊடையும் தனித்தனியாக இருந்தன. கீழே ஒரு வரி: "எங்க அத்தை வீடு திருபுவனம்தான் தம்பி. அந்தத் தறிச் சத்தம் கேட்டுட்டே இன்னொரு தடவ முழுசா பார்த்தேன்."

அப்படியென்றால் அவசரம் வரும்போது என்ன செய்வது? வெளியாகிவிட்ட வீடியோவில் ஒருவரின் பெயர் தப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பை நிறுத்தி வைத்திருப்பவரைக்கூட 'பரவாயில்லை, எழுப்பு' என்று தட்டும் வழியை ஸ்லாக் தருகிறது. எங்கள் டெஸ்க்கில் அதைத் தொடுவதில்லை. வீடியோவைத் தற்காலிகமாக மறைத்துவிட்டு, திருத்தத்துக்கான மெசேஜை அவரின் காலைக்கு வைக்கிறோம். சப்டைட்டிலுக்காக ஒருவரை விடியற்காலை 3 மணிக்கு எழுப்ப வேண்டிய அவசரம் ஒன்று இருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஆசிரியர் குழுவில் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு வியூஸ் கவலை. இந்த விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகப் போவதில்லை.

குழு சேனலில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். அங்கே சென்னை, லண்டன், டொராண்டோ எல்லோரும் இருந்தால், ஒருவரின் காலை இன்னொருவரின் இரவு. ஆகவே ஒருவருக்கான வேலை என்றால் அவருக்குத் தனியாக, அவருடைய நேரத்தில். எல்லோருக்குமான தகவல் என்றால் சேனலில், யார் பெயரையும் குறிக்காமல்; அவரவர் விழித்ததும் படித்துக்கொள்ளட்டும். விடுமுறையையும் ஸ்லாக் பார்த்துச் சொல்லாது. பிப்ரவரி மூன்றாவது திங்கள் ஒன்டாரியோவில் 'ஃபேமிலி டே' விடுமுறை. அதை நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. அக்காவுக்கு ஒரு மெசேஜ் வைக்க உட்கார்ந்தேன். வைக்கும் முன் அவருடைய ப்ரொஃபைலைத் தொட்டு, அங்கே இப்போது மணி என்ன என்று பார்ப்பது என் பழக்கம். பெயருக்குக் கீழே அவரவர் ஊர் நேரம் இருக்கும். சென்னையில் அப்போது பகல் 11.40. டொராண்டோவில் அதிகாலை 1.10 என்று காட்ட வேண்டும். காட்டியது 11.40.

இரண்டு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. அக்காவின் போன் இந்தியாவில் இருக்கிறது. போன் புது ஊருக்கு வந்ததும் ஸ்லாக்கும் தன் கடிகாரத்தைத் தானாக மாற்றிக்கொண்டிருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் அக்கா ஏன் இந்தியா வருவார்? நினைக்கவே என்னவோ செய்தது. எதுவும் கேட்டு எழுதவில்லை. முதலில் காத்திருக்கும் மெசேஜ்களைத் திறந்து பார்த்தேன். அவருக்கு என்னிடமிருந்து இரண்டு இருந்தன, இரண்டும் அன்று இரவு 7.50-க்கு. டொராண்டோவின் இதமான காலை என்று நான் கணக்குப் போட்டு வைத்த அதே 7.50, இப்போது கும்பகோணத்தில் இரவு நேரம். ஆள் ஊர் மாறினாலும் மெசேஜ் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளாது. அவர் வைத்திருக்கும் இரவு 9 மணி ஊமை அட்டவணையும் அதைத் தடுக்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டருக்காகக் காத்திருக்கும் ஒருவரின் கையில் அது போய்த் தட்டலாம்.

ஒன்றை ரத்து செய்தேன். அந்த வேலையை டெஸ்க்கில் நாங்களே பார்த்துக்கொள்ள முடியும். இன்னொன்றை ஒரு வாரம் தள்ளி வைத்தேன்.

மாலையில் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில்தான் செய்தி வந்தது, ஸ்லாக்கில் இல்லை. சனிக்கிழமை ராத்திரி டொராண்டோ நேரம் 2 மணிக்கு உண்மையிலேயே போன் அடித்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர். அம்மாவுக்கு மூச்சுத்திணறல். முதல் அடியிலேயே எடுத்துவிட்டாராம். அங்கிருந்தபடியே ஆம்புலன்ஸுக்கும் தம்பிக்கும் பேசிவிட்டு, கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டார். அம்மா ஐ.சி.யு-விலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார், பேசுகிறார், காபி கேட்கிறார்.

"சொல்லிட்டு வர நேரமில்ல தம்பி. வேலை ஏதாவது நின்னு போச்சா?" என்று கேட்டிருந்தார்.

"ஒண்ணும் நிக்கல அக்கா. அம்மாவைப் பாருங்க" என்று பதில் போட்டேன். உடனேதான் போட்டேன். மணி மாலை 6.15, இரண்டு பேருக்கும்.